'எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?' – முதன்முறையாக நேர்காணல் நடத்தப் போகிறவருக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளி, தொண்டிப் பக்கத்துக் கம்பெனிகள் பலவற்றில் ஆள் எடுக்கத் தனி அதிகாரி கிடையாது. சூப்பர்வைசராக உயர்ந்த ஒருவரைக் கூப்பிட்டு, "நாளைக்கு நாலு பேரு வர்றாங்க, நீங்களே பாத்து எடுத்துருங்க" என்று முதலாளி சொல்லிவிடுவார். மறுநாள் காலை முதல் ஆள் வந்து உட்கார்ந்ததும் வாயில் வரும் முதல் கேள்வி, "எந்த ஊரு?"

இது நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்விதான். வந்தவரின் படபடப்பைக் குறைக்க நமக்குத் தெரிந்த வழி அது. ஆனால் இந்தக் கரையில் ஊர்ப் பெயர் வெறும் இடப்பெயர் அல்ல. கீழக்கரை என்றாலும், தங்கச்சிமடம் என்றாலும், மண்டபம் முகாம் என்றாலும் கேட்பவர் மனதில் மதம், சாதி, குடும்பத் தொழில் எல்லாம் ஊகமாக வந்து உட்கார்ந்துவிடும். ஊகம் சரியா தவறா என்பது வேறு விஷயம். அடுத்த நாற்பது நிமிடம் அந்த ஆள் சொல்வதையெல்லாம் அந்த ஊகத்தின் வழியாகவே கேட்போம் என்பதுதான் சிக்கல். "அப்பா என்ன பண்றாங்க?", "யாரு வீட்டுப் பிள்ளை?" என்பவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

அதனால் அந்த ஊகத்துக்கு இடம் கொடுக்காமல் நேர்காணலை நடத்துவது எப்படி என்பதைச் சுற்றியே இந்தக் கட்டுரை போகிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு வேலை: நண்டுக் கம்பெனியில் சரக்கு எடுக்கும் இடத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவை. கரையிலிருந்து வரும் நண்டைத் தரம் பார்த்து, எடை போட்டு, கணக்கெழுதி உள்ளே அனுப்ப வேண்டும். நான்கு பேர் வருகிறார்கள்.

முந்தின நாள் செய்ய வேண்டியது

ஒரு தாளில் அந்த வேலையில் தினமும் நடப்பதை நான்கு வரியில் எழுதுங்கள். சரக்கின் தரம் பார்ப்பது, எடையும் கணக்கும், விலைக்காகச் சண்டை போடும் வியாபாரியைச் சமாளிப்பது, ஐஸும் நேரமும் தவறாமல் பார்த்துக்கொள்வது. வரிக்கு ஒரு கேள்வி, மொத்தம் நான்கு. புதியவர்கள் பதினைந்து கேள்வி எழுதிக்கொண்டு போய், ஏழாவதிலேயே நேரம் முடிந்து, ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் கேட்காமல் விட்டுவிடுவார்கள். பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. நான்கே கேள்வி, நால்வருக்கும் அதே வார்த்தையில், அதே வரிசையில் என்று வைத்துக்கொண்டால் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

கேள்வியை "உங்களுக்குப் பொறுமை உண்டா?" என்று வைக்காதீர்கள். இல்லை என்று சொல்ல யாரும் வர மாட்டார்கள். நடந்த ஒன்றைக் கேளுங்கள்: "சரக்கு சரியில்லைன்னு நீங்க திருப்பி அனுப்புன ஒரு தடவையைச் சொல்லுங்க. யாரு கொண்டு வந்தது, என்ன பார்த்தீங்க, என்ன சொன்னீங்க?" அனுபவமே இல்லாத ஆளாக இருந்தால் அதே கேள்வியை, "ஒருத்தர் மூணு கூடை கொண்டு வர்றாரு, ஒரு கூடையில நாத்தம் வருது, மூணுக்கும் ஒரே விலை கேக்குறாரு. நீங்க என்ன செய்வீங்க?" என்று மாற்றலாம். ஆனால் இந்த மாற்றையும் முந்தின நாளே எழுதி வையுங்கள். அந்த இடத்தில் யோசித்துக் கேட்டால் பிடித்தவருக்கு எளிதாகவும் பிடிக்காதவருக்குக் கடினமாகவும் கேள்வி தானாக வளைந்துவிடும்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து மதிப்பெண். எதற்கு எத்தனை என்பதையும் முன்பே எழுத வேண்டும். மேலே உள்ள கேள்விக்கு இப்படி: 'திருப்பி அனுப்பிவிடுவேன்' என்று மட்டும் சொன்னால் 1. எதைப் பார்த்து முடிவு செய்தார் என்று சொன்னால் 3. அதாவது நாற்றம், செவுளின் நிறம், ஓட்டின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்குகிறதா என்பவை. அதோடு கெட்ட கூடையை மட்டும் தனியாக வைத்தது, கொண்டு வந்தவர் எதிரிலேயே திறந்து காட்டியது, எடையைத் தனியாகக் குறித்தது என்று போனால் 5. இடைப்பட்ட பதிலுக்கு 2, 4. இந்த அளவுகோல் கையில் இல்லாவிட்டால் நன்றாகப் பேசுகிறவருக்கே மதிப்பெண் போகும். இந்த வேலைக்குப் பேச்சு அவ்வளவு முக்கியமில்லை.

எடை, கணக்குக்குக் கேள்வியை விடச் சின்னப் பரீட்சை நல்லது. ஒரு துண்டுத் தாளில்: மூன்று பெட்டியோடு எடை 42.5 கிலோ, காலிப் பெட்டி ஒன்று 2.5 கிலோ, நிகர எடையில் நூற்றுக்குப் பத்து கழிவு, கிலோ 400 ரூபாய், கொடுக்க வேண்டியது எவ்வளவு? பெட்டி எடை 7.5 போக 35, கழிவு 3.5 போக 31.5, தொகை 12,600 ரூபாய். ஐந்து நிமிடம் கொடுங்கள், கால்குலேட்டரும் கொடுங்கள், ஏனென்றால் வேலையிலும் அது இருக்கும். அடிக்கடி நடக்கும் தவறு, பெட்டி எடையைக் கழிப்பதற்கு முன்பே பத்து சதவீதத்தைக் கழித்துவிடுவது. அப்படிச் செய்தால் 30.75 கிலோ வரும். விடை தவறாக இருந்தாலும் எந்த இடத்தில் தவறினார் என்று தெரியும்.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலிலும் ஞாயிறு காலையிலும் வைத்தால் சிலர் தொழுகையையோ பூசையையோ விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும், அல்லது வராமல் போவார்கள். படகு கரை சேர்ந்து சரக்கு இறங்கும் நேரத்தில் வைத்தால் உங்கள் போன் நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. பல கம்பெனிகளில் வேலை குறைந்திருக்கும் அந்த நாட்கள் இதற்குத் தோதானவை. ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்: பேச்சுக்கு நாற்பது நிமிடம், குறிப்பைச் சரிசெய்ய பத்து, தாமதத்துக்குப் பத்து.

'எந்த ஊரு'க்குப் பதிலாக

படபடப்பைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. நடக்கப் போவதை முதலிலேயே சொல்லிவிடுவது. "வாங்க, உக்காருங்க. தண்ணி குடிங்க. மூணு கேள்வி கேப்பேன், ஒரு சின்னக் கணக்கு இருக்கு, கடைசியில நீங்க எங்கிட்ட கேக்கலாம். நான் நடுநடுவுல எழுதிக்குவேன், எல்லாருக்கும் அப்படித்தான். நாப்பது நிமிஷத்துல முடிச்சிரலாம்." இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் பெரும்பாலான பயத்துக்குக் காரணம் என்பதால், ஊர் விசாரிப்பதை விட இது நன்றாக வேலை செய்கிறது.

எல்லோரையும் 'நீங்க' என்றே கூப்பிடுங்கள், இருபது வயதுப் பிள்ளையையும். முறை வைத்துக் கூப்பிடும் பழக்கம் நமக்கு உண்டு. ஒருவரைத் 'தம்பி' என்றும் அடுத்தவரை 'சார்' என்றும் மூன்றாவது ஆளைப் 'பாப்பா' என்றும் கூப்பிட்டால் மதிப்பெண் போடும் முன்பே வரிசை போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பெயர் சொல்லி, 'நீங்க' போதும்.

ஊர் தெரிய வேண்டிய காரணம் உண்மையில் ஒன்றுதான்: நேரத்துக்கு வந்து சேர முடியுமா? அப்படியானால் அதையே கேளுங்கள். "காலையில அஞ்சு மணிக்கு இங்க இருக்கணும். கம்பெனி வண்டி ஸ்டாண்டுல நாலரைக்கு நிக்கும். அதுக்கு உங்களால வந்துர முடியுமா?" முகவரியும் அடையாள அட்டையும் வேலை உறுதியான பிறகு வாங்கினால் போதும். விண்ணப்பத் தாளில் முகவரி மேலே இருந்தால் அந்தப் பகுதியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போகலாம். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனாலும் பலன் உண்டு.

கேட்கக் கூடாதவை, சட்டம் எங்கே பிடிக்கும்

பல பேர் நினைப்பது போல 'இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது' என்று வரிசையாகப் பட்டியல் போட்ட சட்டம் நம் நாட்டில் இல்லை. அரசியலமைப்பின் 15, 16 ஆம் பிரிவுகளில் வேலைவாய்ப்பைப் பற்றிய பகுதி அரசு வேலையைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் கம்பெனியைச் சட்டம் பிடிப்பது பெரும்பாலும் கேள்வியில் அல்ல, அந்தப் பதிலை வைத்து ஆளை ஒதுக்குவதில். ஆனால் கேள்வி கேட்டதே பிறகு சாட்சியாக நிற்கும். வேலைக்குத் தேவைப்படாத ஒன்றை ஏன் கேட்டீர்கள் என்ற கேள்விக்கு நல்ல பதில் இருக்காது.

பெண்ணை எடுப்பதில் இது நேரடியாக வரும். ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976 சம ஊதியச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. "கல்யாணம் ஆயிருச்சா?", "பிள்ளை பெத்துக்கிற யோசனை இருக்கா?", "ராத்திரி வேலைன்னா வீட்டுல விடுவாங்களா?" ஆகிய மூன்றும் ஆண்களிடம் யாரும் கேட்காதவை. கேட்க நினைத்தது இரவு வேலையைப் பற்றி என்றால், "மாசத்துல எட்டு நாள் ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை இருக்கும், திரும்பிப் போக வண்டி உண்டு. இது உங்களுக்குச் சரிப்படுமா?" என்று ஆண், பெண் எல்லோரிடமும் கேளுங்கள். வீட்டில் யார் விடுவார்கள் என்பது அவர் பாடு.

திருநர் என்பதற்காக வேலை மறுப்பதை 2019 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, தனியார் இடத்திலும். எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு முன்நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. மீன், நண்டு வேலையில் உடல்நலச் சான்று கேட்பது வழக்கம் என்பதால் இங்கே தவறு நடக்க வாய்ப்பு அதிகம். உணவைக் கையாளத் தேவையான பரிசோதனையை, தேர்ந்தெடுத்த பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரி வையுங்கள். நேர்காணலில் "ஏதாவது வியாதி இருக்கா?" என்று துருவ வேண்டாம். இருபது கிலோ பெட்டியைத் தூக்குவது வேலையில் உண்டு என்றால் அந்த எடையைச் சொல்லி, முடியுமா, ஏதாவது ஏற்பாடு வேண்டுமா என்று கேட்பது நியாயம்.

சாதியில் சட்டம் இன்னும் கடுமை. தீண்டாமையின் பேரில் ஒருவரை வேலை பார்க்கவிடாமல் செய்வது 1955 ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொருத்தவரை 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் வேலையில் சேர்ந்த பெண்ணுக்கு மட்டுமல்ல, சேராத பெண்ணுக்கும் பொருந்தும். நேர்காணலுக்கு வந்த பெண்ணின் உடை, உடம்பு பற்றி 'வேடிக்கையாக' ஒரு வார்த்தை சொன்னாலும் அவர் புகார் கொடுக்கலாம்.

வயதைப் பொருத்தவரை பதினெட்டு முடிந்ததா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 'உங்களுக்கு வயசாயிருச்சே' என்பது வேண்டாம். பழைய சம்பளம் கேட்பது சட்டவிரோதம் இல்லை. ஆனால் முன்பு குறைவாகக் கொடுத்த இடத்தின் தவறை நீங்களும் தொடர்வீர்கள். இந்த வேலைக்கு இத்தனை முதல் இத்தனை வரை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காமலே அவர் சொல்லிவிட்டால்? "எனக்கு ரெண்டு பிள்ளைங்க சார், சின்னவன் ஒண்ணாப்பு" என்பார். அதை எழுதாதீர்கள், தொடர்ந்து விசாரிக்காதீர்கள். "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் சொந்தக்காரர், "நீ யாரு வீட்டுப் பிள்ளைப்பா?" என்று ஆரம்பித்தால் என்ன செய்வது? முந்தின நாளே கேள்வித் தாளை அவர் கையில் கொடுத்து, "நீங்க மூணாவது கேள்வியக் கேளுங்கண்ணே" என்று வேலை கொடுத்துவிடுவது நல்லது. அப்படியும் வந்துவிட்டால், "அது பரவாயில்லண்ணே, நேரம் போயிரும்" என்று சொல்லிவிட்டு வந்தவரைப் பார்த்து, "நீங்க அதுக்குப் பதில் சொல்ல வேண்டாம். அந்த எடை விஷயத்துக்கு வருவோம்" என்று திருப்புங்கள். அந்தப் பதிலைத் தாளில் ஏற்ற வேண்டாம்.

கேட்பது

நாற்பது நிமிடத்தில் நீங்கள் பேசுவது பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. புதியவர்கள் செய்யும் தவறு, கேள்வி கேட்டு இரண்டு நொடி அமைதி வந்ததும் பயந்து, பதிலையும் தாங்களே எடுத்துக் கொடுப்பது: "அதாவது, நாத்தம் பாப்பீங்க, அப்படித்தானே?" அவர் ஆமாம் என்பார், நீங்கள் 3 போடுவீர்கள், அது உங்களுக்கே நீங்கள் போட்ட மதிப்பெண். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் பேசத் தொடங்கிவிடுவார். தொடங்காவிட்டால் கேள்வியை அதே வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.

'சரி' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நீங்கள் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற பொருளில் சொல்வீர்கள், எதிரில் இருப்பவருக்கு 'விடை சரி' என்று கேட்கும். ஒருவருக்கு 'சரி, சரி', இன்னொருவருக்கு வெறும் 'ம்' என்றால் முதலாமவர் தைரியமாகப் பேசிக்கொண்டே போவார், இரண்டாமவர் சுருங்கிவிடுவார். எல்லோருக்கும் ஒரே 'ம்'.

நம் பேச்சில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று: 'நாங்க'. நண்டு உரிக்கும் இடத்திலோ கடற்பாசி எடுப்பதிலோ வேலை பார்த்த பெண்கள், தாங்களே தனியாகச் செய்ததையும் "நாங்க செஞ்சோம்" என்றுதான் சொல்வார்கள். கூட்டாகச் செய்யும் வேலை, தன்னை முன்னால் வைத்துப் பேசாத பழக்கம். அதே நேரம் இன்னொருவர் பத்துப் பேர் செய்ததை "நான் பண்ணேன்" என்பார். பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டால் முதலாமவருக்கு 2, இரண்டாமவருக்கு 5 போட்டுவிடுவீர்கள். இருவரிடமும் இப்படி உள்ளே போங்கள்:

"அன்னைக்கி ஐஸ் தீந்துருச்சு, நாங்க பக்கத்து கம்பெனியில வாங்கிட்டு வந்தோம்."
"பக்கத்துல கேக்கலாம்னு மொதல்ல சொன்னது யாரு?"
"நாந்தாங்க சொன்னேன்."
"ஐஸ் வர்ற வரைக்கும் இருந்த நண்டை என்ன செஞ்சீங்க?"
"இருந்த ஐஸையெல்லாம் ஒரே பெட்டியில போட்டு, வேக வச்ச சரக்க மட்டும் அதுல வச்சேன். உசுரோட இருந்த நண்ட நெழலுக்கு மாத்தி ஈரச்சாக்கு போட்டேன்."

இரண்டே கேள்வியில் 'நாங்க' உடைந்து, முடிவெடுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. வெந்த சரக்கு சீக்கிரம் கெடும், அதற்குத்தான் முதலில் குளிர்ச்சி வேண்டும் என்பது அவருக்குத் தெரியும் என்பதும் வெளியே வந்தது. "யாரு?", "அப்புறம்?", "அத எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்ற மூன்று துணைக்கேள்விகள் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

எழுதுவது

ஆளுக்கு ஒரு தாள். நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர் சொன்னது மட்டும், அவர் வார்த்தையிலேயே, சுருக்கமாக. வலப்பக்கம் அவர் எழுந்து போகும் வரை காலியாக இருக்க வேண்டும். மேலே நடந்த உரையாடலுக்கு இடப்பக்கக் குறிப்பு இப்படி இருக்கும்: 'ஐஸ் தீர்ந்தது – பக்கத்தில் கேட்க யோசனை இவர் – வெந்தது மட்டும் ஒரே பெட்டி – உயிர் நண்டு நிழல், ஈரச்சாக்கு'. இதை எழுதப் பத்து நொடி போதும். இதற்குப் பதில் 'சுறுசுறுப்பு, நல்ல பிள்ளை' என்று எழுதியிருந்தால் மாலையில் நான்கு தாளையும் விரிக்கும்போது மூன்றில் அதுவேதான் இருக்கும்.

தலையைக் குனிந்து எல்லாவற்றையும் எழுதினால் கேட்க முடியாது. எதுவும் எழுதாமல் விட்டால் நான்காவது ஆள் போன பிறகு இரண்டாவது ஆள் சொன்னது மூன்றாவது ஆள் சொன்னதோடு கலந்துவிடும். பெயர், எண், எடுத்த முடிவு, அதற்குச் சொன்ன காரணம் ஆகியவற்றை மட்டும் பிடியுங்கள். இன்னொன்று, பேனாவை எதிரில் இருப்பவர் பார்த்துக்கொண்டே இருப்பார். தவறாகச் சொன்னபோது மட்டும் அவசரமாக எழுதினால் அவருக்கு அது தெரியும், அடுத்த பதிலில் குரல் இறங்கும். நல்லதையும் கெட்டதையும் ஒரே வேகத்தில் எழுதுங்கள்.

அவர் கதவைச் சாத்திய பிறகு பத்து நிமிடம் போனைத் தொடாமல் வலப்பக்கத்தை நிரப்புங்கள்: கேள்விக்கு மதிப்பெண், பக்கத்தில் எந்த வரியை வைத்துப் போட்டீர்கள் என்று ஒரு அடிக்கோடு. அடிக்கோடு போட இடப்பக்கத்தில் வரியே இல்லை என்றால் அந்த மதிப்பெண் முகத்தைப் பார்த்துப் போட்டது. அதை அடித்துவிட்டு மறுபடி போடுங்கள். கூட ஒருவர் இருந்தால் இருவரும் தனித்தனியாகப் போட்ட பிறகே பேச வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் சொன்ன எண்ணுக்கு இளையவர் தலையாட்டிவிடுவார். ஒரே கேள்விக்கு இருவருக்கும் இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் குறிப்பைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் எதையோ கேட்காமல் விட்டிருப்பார்.

தாளில் மதம், சாதி, கல்யாணம், நிறம், உடை, பேச்சு வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. 'பேச்சு சரியில்லை' என்று எழுதத் தோன்றினால் நிறுத்தி யோசியுங்கள்: சொன்னது புரியவில்லையா, அல்லது கீழக்கரைத் தமிழோ கடற்கரைத் தமிழோ உங்கள் காதுக்குப் பழக்கமில்லையா? அவர் பேசப்போவது நண்டு கொண்டு வரும் ஆட்களோடு. அவர்களுக்கு உங்கள் தமிழை விட அவர் தமிழ் நன்றாகவே புரியும்.

முடிந்த பிறகு

மூன்று நாளுக்குள் நால்வருக்கும் சொல்லிவிடுங்கள், எடுக்காதவர்களுக்கும். சின்ன ஊர், அவர் நாளைக்கு உங்கள் கம்பெனிக்கே சரக்கு கொண்டு வரலாம். 'பார்த்துச் சொல்றோம்' என்று விட்டால் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் பேசுவார்கள். "ஏங்க கிடைக்கல?" என்று கேட்டால் வலப்பக்கத்தைச் சொல்லாதீர்கள், இடப்பக்கத்தையும் கணக்குத் தாளையும் பார்த்துச் சொல்லுங்கள்: "கணக்குல பெட்டி எடையக் கழிக்கறதுக்கு முன்னாடியே கழிவைக் கழிச்சிட்டீங்க. தரம் பாக்கறதுல நல்லாச் சொன்னீங்க." பிறகு தாள்களை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் பூட்டி வையுங்கள். மேசை மேல் கிடந்தால் யாருக்கு எவ்வளவு என்பது மாலைக்குள் ஐஸ் வண்டிக்காரர் வரைக்கும் போய்விடும்.